யார் மேலும் பழி போடாமல் ஒரு சம்பவத்தை நேரவரிசையாகப் பேசுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஸ்டம் விழுந்து எழுந்த பிறகு பொறியாளர்கள் உட்கார்ந்து பேசும் ஆய்வுக் கூட்டங்களைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் தனியாக வந்து கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான். அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்களில் ஒரே சம்பவம் திரும்பத் திரும்ப வரும். நான் நடத்திய ஒரு கூட்டத்தில் பேசப்பட்டது அது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. டேட்டாபேஸ் போடும் பூட்டையும், சர்வர் எழுதும் பதிவையும் பேச்சில் நாம் இரண்டையும் "லாக்" என்றே சொல்வோம். அந்தக் கூட்டத்திலேயே இதனால் இரண்டு நிமிடம் குழப்பம் நடந்தது. எனவே இங்கே பூட்டு, பதிவு என்றே எழுதுகிறேன்.

இந்தக் கூட்டமே யாரு தப்பு பண்ணாங்கன்னு கண்டுபிடிக்கத்தானே? பழி போடக் கூடாதுன்னா அப்புறம் என்னத்தைப் பேசுறது?

யார் என்ன செய்தார் என்பது கூட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். டெப்ளாய் பட்டனை அழுத்தியவர் பெயர் பதிவிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எட்டுப் பேரை ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பது, அந்த நிமிடத்தில் அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது, எதை நம்பி அப்படி முடிவெடுத்தார், நாளை அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் அவரும் அதையேதான் செய்வாரா என்பது. கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டால், ஆளைத் திட்டியோ மாற்றியோ ஒன்றும் ஆகப்போவதில்லை.

இந்தத் தகவல் எந்தப் பதிவிலும் கிடைக்காது. சம்பந்தப்பட்டவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. தன் தலையில்தான் விழப்போகிறது என்று தெரிந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். பழி போடாமல் பேசுவதற்குப் பெருந்தன்மை காரணமில்லை, தகவல் வேண்டும் என்பதுதான் காரணம்.

சரி, அந்த உதாரணச் சம்பவத்தை முதல்ல முழுசாச் சொல்லுங்க. அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?

ஆர்டர் எடுக்கும் ஒரு சேவை. பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். மதியம் 13:41க்கு `orders` டேபிளைப் படிக்கும் ஒரு நீண்ட ரிப்போர்ட் க்வெரி பிரைமரி டேட்டாபேஸில் தொடங்கியது. 14:02க்கு ஒரு பொறியாளர் டெப்ளாய் ஆரம்பித்தார். டெப்ளாயின் முதல் படி மைக்ரேஷன்; அதில் இருந்தது ஒரே வரி:

```sql
ALTER TABLE orders ADD COLUMN gift_note text;
```

பார்க்கச் சாதுவான வரி. ஸ்டேஜிங்கில் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. ஆனால் இதற்கு அந்த டேபிள் மேல் முழுப் பூட்டு வேண்டும், வேறு யாரும் படிக்கக்கூட இல்லாத ஒரு கணம். ரிப்போர்ட் படித்துக்கொண்டிருந்ததால் ALTER காத்திருந்தது. வினை அங்கேதான். முழுப் பூட்டுக்காக ஒருவர் வரிசையில் நின்றுவிட்டால், அவருக்குப் பின்னால் வரும் சாதாரண SELECT-களும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 14:03 முதல் ஆர்டர் சம்பந்தப்பட்ட எல்லாக் கோரிக்கைகளும் தேங்கின.

14:06க்கு அலர்ட் அடித்தது. 14:09க்கு ஆன்-கால் பொறியாளர் பார்த்தார். 14:12க்கு ரோல்பேக் அழுத்தினார்; 14:13க்குத் திரையில் `Rolled back` என்று பச்சையாக வந்தது. ஆனால் பிழைகள் குறையவில்லை. 14:21க்கு எல்லாச் செயலி சர்வர்களையும் மறுதொடக்கம் செய்தார். 14:24க்கு நிலைமை மோசமானது, டேட்டாபேஸ் புது இணைப்புகளையே ஏற்க மறுத்தது. டேட்டாபேஸ் பொறியாளரை அழைத்தார்கள். அவர் 14:33க்கு உள்ளே வந்து, காத்திருந்த ALTER-ஐக் கண்டுபிடித்து 14:36க்கு ரத்து செய்தார். 14:38க்கு எல்லாம் சரி. ரிப்போர்ட் எதையும் அறியாமல் 14:51க்குத் தானாக முடிந்தது.

நேரவரிசையை எங்கேருந்து எடுக்கணும்? அவங்கவங்க ஞாபகத்துல இருக்கறதைச் சொன்னாப் போதாதா?

நிமிடங்களைப் பதிவிலிருந்து எடுங்கள், அர்த்தத்தை ஆட்களிடமிருந்து எடுங்கள். நெருக்கடியில் இருந்தவருக்கு நேரம் ரப்பர் மாதிரி. அன்று ஆன்-கால் பொறியாளர் "ரோல்பேக் பண்ணி ரெண்டு நிமிஷத்துல ரீஸ்டார்ட் பண்ணேன்" என்றுதான் நினைத்திருந்தார். பதிவில் இடைவெளி ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் அவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் கூட்டத்திலேயே பயனுள்ள பகுதியாக இருந்தது. ஞாபகத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த இடைவெளியே கண்ணில் பட்டிருக்காது.

டெப்ளாய்ப் பதிவு, அலர்ட் வரலாறு, சாட் அரட்டை, டேட்டாபேஸ் பதிவு இந்த நான்கையும் கூட்டத்துக்கு முதல் நாளே ஒரே ஆவணத்தில் கோத்துவிடுவேன். கோக்கும்போது நேர மண்டலத்தைப் பாருங்கள். ஒன்று UTC, இன்னொன்று உள்ளூர் நேரம் என்று இருந்தால் விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அதை வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எந்த நிமிஷத்துலேருந்து ஆரம்பிக்கணும்? டெப்ளாய் பண்ண நேரம்தானே ஆரம்பம்?

14:02இல் தொடங்கினால், டெப்ளாய் செய்தவர்தான் கதையின் முதல் ஆள். அதற்கு முன் எல்லாம் நன்றாக இருந்தது, இவர் வந்தார், கெட்டது என்று கதை தானாகவே எழுதிக்கொள்ளும். ஒரு வார்த்தைகூடத் திட்டாமலே பழி விழுந்துவிடும். நேரவரிசையின் முதல் வரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி நியாயம் இருக்கிறது.

நாங்கள் 13:41இல் தொடங்கினோம். உடனே ஒருவர் கேட்டார்: "ரிப்போர்ட் ஏன் பிரைமரியில ஓடுது? அது ரெப்ளிகாவுலதானே இருந்துச்சு?" இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு வரை. ரெப்ளிகாவில் நீண்ட க்வெரிகள் `canceling statement due to conflict with recovery` என்று பாதியில் வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. பிரைமரியிலிருந்து வரும் மாற்றங்களை ரெப்ளிகா எழுத வேண்டும், க்வெரி குறுக்கே நிற்கிறது என்றால் இயல்பு அமைப்பில் 30 வினாடிதான் பொறுக்கும். மாதக் கணக்கு வரவில்லை என்று நெருக்கடி வந்தபோது ரிப்போர்ட்டைப் பிரைமரிக்கு மாற்றினார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு, கணக்கும் வந்தது. எங்கள் நேரவரிசையின் முதல் வரி கடைசியில் "மூன்று மாதம் முன்பு" என்று ஆனது.

எவ்வளவு பின்னால் போவது என்பதற்கு விதி கிடையாது. ஒரு வரியைச் சேர்த்தால் அதற்கு அடுத்த வரி இன்னும் நன்றாகப் புரிகிறதா என்று பார்ப்பேன், புரியவில்லையென்றால் நிறுத்திவிடுவேன்.

கூட்டத்தை யார் நடத்தணும்?

அந்தச் சம்பவத்தில் கை வைக்காத ஒருவர். டேட்டாபேஸ் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. "எனக்குப் புரியல, திரும்பச் சொல்லுங்க" என்று கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தால் போதும். எழுதுவதற்கு வேறொருவர் இருக்கட்டும். கேட்பவரே எழுதினால் இரண்டும் கெடும்.

"ஏன்"னு கேட்கவே கூடாதுன்னு சொல்றாங்களே, அது என்ன வார்த்தை விளையாட்டா?

தடை ஒன்றும் இல்லை. ஆனால் "ஏன் ரீஸ்டார்ட் பண்ணீங்க?" என்று எட்டுப் பேர் நடுவில் கேட்டுப் பாருங்கள். என்ன தொனியில் கேட்டாலும் எதிரில் இருப்பவருக்கு விசாரணை மாதிரித்தான் கேட்கும். அவர் நியாயப்படுத்த ஆரம்பிப்பார், அல்லது "ஸாரி" சொல்லி முடித்துவிடுவார். அன்று நடந்த உரையாடல் இப்படிப் போனது:

"ரோல்பேக் பச்சை வந்துச்சு. அதுக்கப்புறம் எந்தத் திரையைப் பாத்துட்டு இருந்தீங்க?"

"டேட்டாபேஸ் டாஷ்போர்டுதான்."

"அதுல என்ன தெரிஞ்சுது?"

"சிபியு நாலு பர்சென்ட். டிஸ்க்கும் சும்மா இருந்துச்சு. சரி, டேட்டாபேஸ் நல்லா இருக்கு, பிரச்சினை நம்ம செயலியிலதான்னு நினைச்சேன்."

இந்த நாலு சதவீதம்தான் சம்பவத்தின் திறவுகோல். பூட்டுக்காகக் காத்திருக்கும் டேட்டாபேஸ் வேலையே செய்யாது, அதனால் சிபியு ஏறாது. டாஷ்போர்டைப் பார்த்தால் ஓய்வாக இருப்பது போலத் தோன்றும். "என்ன தெரிஞ்சுது" என்று கேட்டதால் இது வந்தது. "ஏன்" என்று கேட்டிருந்தால் "பதட்டத்துல பண்ணிட்டேன்" என்று வந்திருக்கும். அந்தப் பதிலை வைத்து எந்த டாஷ்போர்டையும் திருத்த முடியாது.

ரோல்பேக் பண்ணியும் ALTER ஏன் போகல? அது டெப்ளாய் பண்ணவர் பாக்க வேண்டியதுதானே?

ரோல்பேக் கருவி டெப்ளாய் வேலையைக் கொன்றது. அந்த வேலை டேட்டாபேஸில் திறந்து வைத்திருந்த இணைப்பை அது தொடவில்லை. பூட்டுக்காகத் தூங்கிக் காத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் இணைப்புக்கு, மறுமுனையில் ஆள் போய்விட்டார் என்பது தெரியாது. பதில் அனுப்பப் போகும்போதுதான் உணரும். இதை இடையிடையே சோதிக்கச் சொல்லும் அமைப்பு 14ஆம் பதிப்பு முதல் இருக்கிறது (`client_connection_check_interval`), ஆனால் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆக ALTER அனாதையாக வரிசையில் நின்றுகொண்டே இருந்தது, திரை `Rolled back` என்று பச்சை காட்டியது.

டெப்ளாய் செய்தவரும் ஆன்-கால் பொறியாளரும் அதே பச்சையைத்தான் பார்த்தார்கள். இருவரும் டெப்ளாயைச் சந்தேகப் பட்டியலிலிருந்து அந்த நொடியே எடுத்துவிட்டார்கள். கருவி சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். யார் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பதைவிட அந்தப் பச்சை எதை உறுதிசெய்தது, எதைச் செய்யவில்லை என்று கேட்டதில் எங்களுக்கு அதிகம் கிடைத்தது.

ரீஸ்டார்ட் பண்ணி நிலைமையை மோசமாக்கினாரே. அதையும் சொல்லக் கூடாதா?

தாராளமாகச் சொல்லுங்கள். பழி போடாமல் பேசுவது என்றால் நடந்ததை மெழுகிப் பூசுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். "14:21 மறுதொடக்கம், 14:24 இணைப்புகள் தீர்ந்தன" என்று அப்படியே எழுதினோம், மறைக்கவில்லை.

என்ன நடந்தது என்றால், எட்டுச் செயலி சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் 20 இணைப்பு, மொத்தம் 160. டேட்டாபேஸின் வரம்பு 200. மறுதொடக்கத்தில் செயலிகள் செத்துப் பிறந்தன, ஆனால் பழைய 160 இணைப்புகள் முந்தைய பதிலில் சொன்ன அதே காரணத்தால் டேட்டாபேஸ் பக்கம் உயிரோடு காத்திருந்தன. புதிய செயலிகள் இன்னொரு 160 கேட்டன. நாற்பதுக்குள் வரம்பு முட்டியது. `remaining connection slots are reserved for roles with the SUPERUSER attribute` என்ற செய்தி வந்தது. மிச்சமிருந்த மூன்று இடங்கள் சூப்பர்யூசருக்கானவை; ஆன்-கால் பொறியாளருக்கு அந்த உரிமை கிடையாது. உள்ளே போய்ப் பார்க்கும் கதவும் அவருக்கு அடைபட்டது.

இவ்வளவையும் எழுதிய பிறகு அவர் பெயரைச் சேர்த்தால் கூடுதலாக என்ன தெரியும்? மறுதொடக்கம்தான் அந்த அணியின் ரன்புக்கில் "பிழை விகிதம் குறையாவிட்டால்" என்ற தலைப்பின் கீழ் இருந்த முதல் வரி. அவர் ரன்புக்கைப் பின்பற்றினார்.

அப்ப பேரே போடக் கூடாதா?

ஆவணத்தில் பொறுப்பைப் போட்டால் போதும்: ஆன்-கால் பொறியாளர், டேட்டாபேஸ் பொறியாளர். கூட்டத்துக்குள் பெயர் சொல்லிப் பேசாமல் இருக்க முடியாது, தேவையும் இல்லை. ஆறு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்தவர் ஆவணத்தைப் படிக்கும்போது பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லாது, பொறுப்பு சொல்லும்.

கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று சந்தித்த டேட்டாபேஸ் இழப்பு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். ஒரு பொறியாளர் இரண்டாம் சர்வரில் இருப்பதாக நினைத்துப் பிரைமரியின் தரவுக் கோப்புறையை அழித்தார். ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அவர்கள் வெளியிட்ட விரிவான அறிக்கையில் அவர் பெயர் இல்லை. அறிக்கையின் கனம் வேறு இடத்தில் இருந்தது: தினசரி பேக்கப் பதிப்புப் பொருத்தமின்மையால் நெடுநாளாகத் தோல்வியடைந்துகொண்டிருந்தது, அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் சேவையகத்தால் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. ஒருவரைக் கூண்டில் ஏற்றியிருந்தால் அந்த மின்னஞ்சல் கதை அத்தனை பேர் படிக்கும்படி வெளியே வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

"கொஞ்சம் கவனமா இருந்திருந்தா"ன்னு யாராவது சொன்னா எப்படி நிறுத்தறது?

"இருந்திருந்தால்" என்று முடியும் வாக்கியம் நடக்காத ஒன்றைப் பற்றியது. நாம் பேசுவது நடந்ததைப் பற்றி. நான் கேட்பது இவ்வளவுதான்: "14:15க்கு அவர் முன்னால் இருந்த எந்தத் தகவல் அவரைப் பூட்டுப் பக்கம் திருப்பியிருக்கும்? திரையில் காட்டுங்க." காட்ட முடிந்தால் நல்ல பேச்சு, அந்தத் தகவல் ஏன் கண்ணில் படவில்லை என்று தொடரலாம். முடியாவிட்டால் அறை தானாக அமைதியாகிவிடும்.

முடிவு தெரிந்த பிறகு "இது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதான்" என்று தோன்றுவது மனித இயல்பு. பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் வெளியிட்ட சோதனைகளில், முடிவைச் சொல்லிவிட்டுக் கேட்டபோது மக்கள் அந்த முடிவு நடக்கச் சாத்தியம் அதிகம் என்று மதிப்பிட்டார்கள், அப்படித் தெரிந்ததற்கு முடிவைக் கேட்டதுதான் காரணம் என்பதையும் உணரவில்லை. நாமும் அப்படித்தான். எனவே நேரவரிசையைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, அதற்குக் கீழே உள்ள வரிகளைத் திரையில் மறைத்துவிடுவேன். கேலியாகத் தெரியும், வேலை செய்கிறது.

சில பேர் தானாவே "எல்லாம் என் தப்புதான்"னு சொல்லிடறாங்க. அதுக்கு என்ன பண்றது?

இதுதான் எனக்கு மிகச் சிரமமான இடம். பிறர் பழித்தால் தடுக்கலாம், தானே ஏற்றுக்கொள்பவரை எப்படித் தடுப்பது? "இல்லை இல்லை, உங்க தப்பு இல்ல" என்று சமாதானம் சொல்லாதீர்கள்; அதுவும் தப்பைப் பற்றிய பேச்சுதான். ALTER எழுதியவர் அன்று முதல் நிமிடத்திலேயே "நான் கவனிச்சிருக்கணும்" என்றார். "அதைக் குறிச்சுக்கறேன். அதுக்கு முன்னாடி orders டேபிள்ல இந்த மாதிரி எத்தனை தடவை பண்ணிருக்கீங்க?" என்று கேட்டேன். பதினொரு தடவை, எல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்தவை என்றார். அவருடைய அனுபவம் முழுவதும் "இது பாதுகாப்பானது" என்றே சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு தோள் தளர்ந்து பேச ஆரம்பித்தார்.

மேனேஜர் கூட்டத்துல உட்காரலாமா?

உட்காரலாம், ஆனால் கடைசியில் பேசட்டும். அவர் முதல் கேள்வி கேட்டுவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் பதில் சொல்வார்கள். இந்த ஆவணம் வருடாந்திர மதிப்பீட்டில் எட்டிப் பார்த்தது என்று ஒரு தடவை தெரிந்தாலும் போதும், அடுத்த கூட்டத்தில் எல்லாரும் பதிவை வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்க படிவத்துல "மூலக் காரணம்"னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அதுல என்னத்தை எழுதுறது?

நீக்கிப் பாருங்கள். ரிப்போர்ட் பிரைமரியில் ஓடாமல் இருந்திருந்தால் சம்பவம் இல்லை. ALTER இல்லையென்றாலும் இல்லை. ALTER சில வினாடிகளில் விட்டுக்கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. மூன்றும் ஒரே நேரத்தில் கூடியதால்தான் நடந்தது. இதில் எதை மூலம் என்று சொன்னாலும் அது சொல்பவரின் விருப்பம். "ஏன், ஏன்" என்று ஐந்து தடவை கேட்டு இறங்கும் முறையிலும் இதுதான் சிக்கல். எந்த ஏன் வழியாக இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஒரு கிணற்றின் அடிக்குப் போய்ச் சேருவோம்.

நான் அந்தக் கட்டத்தில் "கீழே பார்க்கவும்" என்று எழுதிவிட்டு, கீழே நிமிடங்களைப் பிரித்து எழுதுவேன். மொத்தம் 35 நிமிடம். தெரிய வர 3. தவறான பாதையில் போனது 18. டேட்டாபேஸ் உரிமை உள்ளவர் வரக் காத்திருந்தது 9. கண்டுபிடித்துச் சரிசெய்தது 5. எது நடக்க வைத்தது என்பதும் எது நீள வைத்தது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கிவிடும். 18தான் பெரிய எண். அது நாலு சதவீத சிபியுவும் பச்சை எழுத்தும் சேர்ந்து தின்ற நேரம்.

கடைசியில "இனி மைக்ரேஷனைக் கவனமா ரிவ்யூ பண்ணுவோம்"னு எழுதினாப் போதுமா?

அதை எழுதினால் கூட்டமே வேண்டியதில்லை. அந்த வரியை ரிவ்யூ செய்தவரும் கவனமாகத்தான் பார்த்தார். வரியில் பிழையே இல்லை. பிழை வரிக்கு வெளியே, ஓடிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டோடு அது மோதிய விதத்தில் இருந்தது. அது எந்த ரிவ்யூவிலும் கண்ணுக்குத் தெரியாது.

நாங்கள் மூன்று வேலைகள் மட்டும் எடுத்தோம். முதலாவது, மைக்ரேஷன் கருவி ஒவ்வொரு தடவையும் இதைத் தானாகச் சேர்க்கும்:

```sql
SET lock_timeout = '3s';
```

மூன்று வினாடிக்குள் பூட்டு கிடைக்காவிட்டால் `canceling statement due to lock timeout` என்று விலகிக்கொள்ளும், கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும். இதற்கும் எல்லை உண்டு. அந்த மூன்று வினாடியும் பின்னால் வருபவர்கள் தேங்கத்தான் செய்வார்கள். ரிப்போர்ட் ஒரு மணி நேரம் ஓடினால் எல்லா முயற்சியும் தோற்று டெப்ளாய் நிற்கும். நிற்கட்டும், தளம் நிற்பதைவிட அது மேல்.

இரண்டாவது, டாஷ்போர்டில் சிபியுவுக்குப் பக்கத்திலேயே, பூட்டுக்காகக் காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை. 14:33க்கு டேட்டாபேஸ் பொறியாளர் கையால் தட்டிய க்வெரி ஏறத்தாழ இதுதான், அதைத்தான் வரைபடமாக்கினோம்:

```sql
SELECT pid, pg_blocking_pids(pid), left(query, 60)
FROM pg_stat_activity
WHERE wait_event_type = 'Lock';
```

மூன்றாவது, ஆன்-கால் பொறியாளருக்கு `pg_monitor`, `pg_signal_backend` என்ற இரண்டு உரிமைகள், கூடவே அவருக்கென்று ஒதுக்கிய சில இணைப்புகள். ஒதுக்குவதற்கு 16ஆம் பதிப்பு முதல் `reserved_connections` என்ற அமைப்பு இருக்கிறது. ரிப்போர்ட்டை எங்கே வைப்பது என்பதை அன்று முடிவு செய்யவில்லை. அதற்கான ஆட்கள் அறையில் இல்லை. இல்லாதவர்கள் தலையில் வேலை எழுதுவதும் ஒரு வகைப் பழிதான்.

ஒருத்தர் தெளிவாவே தப்பா டைப் பண்ணிட்டார்னா? அப்பவும் "சிஸ்டம் காரணம்"னு சொல்லணுமா?

தப்பாக டைப் செய்தார் என்று எழுதுங்கள், பிறகு அடுத்த வரிக்குப் போங்கள்: அந்த ஒரு எழுத்து அவ்வளவு தூரம் போக எது வழிவிட்டது? 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை விழுந்தது அப்படித்தான். வழக்கமான நடைமுறைப்படி சில சர்வர்களை நீக்கும் கட்டளையில் ஒரு உள்ளீடு தவறாகப் போய், நினைத்ததைவிட அதிகம் நீக்கப்பட்டன. அவர்களின் அறிக்கை அதை ஒளிக்கவில்லை. செய்த திருத்தம் கருவியில்: சர்வர்களை மெதுவாக நீக்கும்படியும், தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாமல் தடுக்கும்படியும் மாற்றினார்கள்.

வேணும்னே செஞ்சிருந்தா? இல்ல, ஒரே ஆள் மூணாவது தடவையா?

தெரிந்தே தரவைத் திருடியது, தடயத்தை அழித்தது போன்றவை இந்தக் கூட்டத்துக்குள் வரக் கூடாது. அவற்றுக்கு வேறு அறை, வேறு ஆட்கள். இரண்டையும் ஒரே மேசையில் கலந்தால் இரண்டும் உருப்படாது.

மூன்றாவது தடவை என்பது வேறு மாதிரி. அந்த மூன்று நேரவரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வெளிப்பட்டது, அணியின் ஆபத்தான வேலைகள் எல்லாமே அந்த ஒருவரிடம்தான் போகின்றன, அதனால் சம்பவங்களும் அவர் பக்கமே சேர்கின்றன என்பது. இன்னொரு தடவை உண்மையிலேயே அவருக்குப் பயிற்சி போதவில்லை. அதை அவருடைய மேனேஜர் தனியாகப் பேசினார், ஆய்வு ஆவணத்தில் அது வரவில்லை.

கூட்டம் ஒழுங்கா நடந்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கூட்டத்துக்கு முன் எந்தப் பதிவிலும் இல்லாத ஒன்று நேரவரிசையில் சேர்ந்ததா என்று பார்ப்பேன். முதல் நாள் நான் கோத்த ஆவணமும் கடைசி ஆவணமும் ஒன்றாகவே இருந்தால் எல்லாரும் மரியாதையாகப் பேசிக் கலைந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அன்று நாற்பதாவது நிமிடம் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் மூலையில் இருந்த இளம் பொறியாளர் ஒருவர், ரோல்பேக் பச்சையைப் பற்றிய பேச்சு முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் ஸ்டேஜிங்ல இதே மாதிரி ரோல்பேக் ஆனதுக்கப்புறமும் ஒரு மைக்ரேஷன் தொங்கிட்டு இருந்துச்சு. நான்தான் டேட்டாபேஸுக்குள்ள போய்க் கொன்னேன். ஸ்டேஜிங்தானேன்னு யார்கிட்டயும் சொல்லல." யாரும் "ஏன் சொல்லல?" என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் "என்ன தேதி?" என்று மட்டும் கேட்டார். 13:41க்கு மேலே ஒரு வரி கூடியது.